பன்னிரண்டு இடங்கள், இரண்டு நாள்கள், ஒரு கொட்டான்: வார இறுதிக் கைவினைப் பட்டறைக்கு அறிவிப்பு எழுதி இடங்களை நிரப்புவது எப்படி

வார இறுதியில் நடக்கும் கைவினைப் பட்டறைகளின் அறிவிப்புகளில் ‘சில இடங்களே உள்ளன, முந்துங்கள்’ என்ற வரியைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். எத்தனை இடங்கள், ஏன் அத்தனை, பணம் கட்டினால் இடம் உறுதியாகிவிடுமா, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் விடை இருப்பதில்லை. வர நினைத்தவர் ‘பிறகு கேட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கிறார், பிறகு மறந்துவிடுகிறார். நிகழ்ச்சி நிரல், இடக் கணக்கு, பதிவு செய்யும் முறை ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் விளம்பரத்திற்கென்று தனியாக அலங்காரச் சொற்கள் தேவைப்படுவதில்லை என்பது நான் பட்டறைகள் நடத்திக் கண்டது. அந்த மூன்றையும் எப்படி முடிவு செய்வது, எப்படி எழுதுவது என்பதை ஒரே ஒரு பட்டறையை எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்வது பனையோலைக் கொட்டான் பின்னும் பட்டறை. செட்டிநாட்டு வீடுகளில் திருமணச் சீரோடு வைக்கப்படும் சதுர அடியுள்ள சிறிய கூடைதான் கொட்டான். நடக்கும் இடம் சென்னை மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மாடிக் கூடம். நாள்கள் 2026 ஆகஸ்ட் 8 சனி, 9 ஞாயிறு. கற்பிப்பவர் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வரும் ஓலைப் பின்னல் ஆசிரியை. அவருக்கு உதவியாக ஒருவர்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வார இறுதி ஆடி மாதத்தில் வருகிறது. ஆடியில் பெரும்பாலும் கல்யாண முகூர்த்தம் வைப்பதில்லை என்பதால், ‘அன்றைக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது’ என்று கடைசி நேரத்தில் விலகுபவர்கள் குறைவு. ஆடிப்பெருக்கு அதற்கு முந்தைய திங்கட்கிழமையும், ஆடி அமாவாசை அடுத்த வாரத்திலும் வருவதால் இரண்டுக்கும் இடையில் இந்த நாள்கள் தப்பிவிடுகின்றன. ஆனால் ஆடி ஞாயிறுகளில் சென்னையின் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், ஒலிபெருக்கி காலையிலேயே தொடங்கிவிடும். கூடத்தை முடிவு செய்வதற்கு முன் அக்கம்பக்கத்தில் எந்தக் கோயிலில் எந்த ஞாயிறு கூழ் ஊற்றுகிறார்கள் என்று தெருவில் ஒரு கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பின்னல் கற்பிப்பவர் மெல்லிய குரலில் ‘இரண்டு விட்டு ஒன்று எடு’ என்று சொல்வது கேட்காவிட்டால் அந்த நாளே வீண்.

ஆசிரியை வெளியூரிலிருந்து வருவதால் ரயில் முன்பதிவும் நாளோடு சேர்ந்த வேலைதான். இப்போது ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்னர்தான் திறக்கிறது. ஆகஸ்ட் 6 இரவு ரயில் ஏறி 7ஆம் தேதி காலை வந்து சேர வேண்டுமானால் ஜூன் முதல் வாரத்திலேயே கணினி முன் உட்கார வேண்டும். அந்தச் சீட்டு கையில் கிடைத்த பிறகுதான் பட்டறையை அறிவிக்க வேண்டும்.

நிரலை வேலையிலிருந்து எழுதுதல்

பெரும்பாலான அறிவிப்புகளில் ‘காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை’ என்று மட்டும் இருக்கும். இது நிரல் ஆகாது. வேலையின் படிகளைத் தெரிந்துகொண்டு, எந்தப் படியில் கை நிற்கும் என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற நேரத்தை ஒதுக்குவதுதான் நிரல்.

கொட்டான் பின்னலில் ஐந்து கட்டங்கள் உள்ளன. காயவைத்த குருத்தோலையிலிருந்து ஈர்க்கை நீக்கி ஒரே அகலத்தில் நறுக்குகளாக வார்ந்துகொள்ள வேண்டும். பிறகு சதுரமான அடியைப் பின்ன வேண்டும். அதன்பின் நான்கு மூலைகளையும் மடக்கி ஓலைகளை மேல்நோக்கித் திருப்ப வேண்டும். பின்னர் சுவர் எழும்பும். கடைசியில் வாயை மடித்துச் செருகி முடிக்க வேண்டும். சாயம் ஏற்றுவதை நான் பட்டறைக்குள் கொண்டுவருவதில்லை. கொதிக்கும் சாய நீரும் பன்னிரண்டு புதியவர்களும் ஒரே கூடத்தில் இருப்பது சரியல்ல என்பதோடு, சாயமேறிய ஓலை மீண்டும் காயவும் வேண்டும். ஊரிலேயே சாயமேற்றிய ஓலையை ஆசிரியை கொண்டுவருகிறார் என்று அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘சாயம் போடக் கற்றுத் தருவீர்களா’ என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

இந்த ஐந்தில் எல்லோரும் திணறும் இடம் மூலை மடக்கல். அடி பின்னும்போது ஓலைகள் தரையில் படிந்து கிடக்கும், கண்ணுக்குப் புரியும். மூலையில் பக்கத்துப் பக்கத்து ஓலைகள் இரண்டும் ஒன்றையொன்று தாண்டி எழ வேண்டும். அந்த முதல் தாண்டல் தவறினால் சுவர் இரண்டு வரிசை எழும்பிய பிறகுதான் ஒரு மூலை மட்டும் வட்டமாக உப்பியிருப்பது தெரியும். அப்போது அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். ஆகவே மூலையை உணவு இடைவேளைக்குச் சற்று முன்போ முதல் நாள் மாலையிலோ வைக்கக் கூடாது. களைத்த கையோடு மடக்கியவர்கள் தவறாகத்தான் மடக்குகிறார்கள். பாதி மடக்கிய ஓலையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் அது உலர்ந்து, மடிப்பில் ‘டப்’பென்று வெடிக்கிறது. ஓலையின் பதத்தைக் காக்க நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி வைப்போம். சொட்டச் சொட்ட நனைக்கவும் கூடாது. அப்படிப் பின்னியது காய்ந்ததும் சுருங்கி, பின்னலுக்கு இடையில் வெளிச்சம் தெரியும்.

இவற்றை வைத்துப் பார்த்தால் நிரல் தானாகவே அமைகிறது. சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை ஓலை வார்தலும், காகித நாடாவில் பின்னல் பழகுதலும். பிற்பகல் 2 முதல் 4.30 வரை அடி பின்னுதல். அடியைப் பின்னி முடித்து, ஓரத்தைக் கிளிப்பால் கவ்வி, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஞாயிறு காலை 10 முதல் 11.30 வரை, கை புதிதாக இருக்கும்போது, மூலை மடக்கல். தேநீருக்குப் பின் 11.45 முதல் 1 மணி வரை சுவர் எழுப்புதல். பிற்பகல் 2 முதல் 4 வரை சுவரை முடித்து வாய் கட்டுதல். 4 முதல் 4.30 வரையுள்ள அரை மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுகிறேன், பின்தங்கியவர்கள் முடிப்பதற்காக.

இடக் கணக்கும் விலையும்

பன்னிரண்டு என்ற எண்ணைக் கூடத்தின் பரப்பை வைத்து நான் முடிவு செய்யவில்லை. அந்தக் கூடத்தில் இருபத்தைந்து பேர் தாராளமாக உட்காரலாம். மூலை மடக்கலின்போது ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக் காட்ட ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகிறது. பன்னிரண்டு பேருக்கு 120 நிமிடம். ஆசிரியையும் உதவியாளரும் பகிர்ந்துகொண்டால் 60 நிமிடம். ஒன்றரை மணி நேர அமர்வில் அது அடங்குகிறது, இரண்டாவது முறை உதவி கேட்பவருக்கும் நேரம் மிஞ்சுகிறது. இருபது பேர் என்றால் 100 நிமிடம் ஆகும். அமர்வு முடிந்த பிறகும் சிலர் முதல் உதவிக்கே காத்திருப்பார்கள், அவர்கள் ஓலை உலர்ந்துகொண்டிருக்கும். எந்தக் கைவினையானாலும் மிகக் கடினமான படி எது, அதில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் இட எண்ணிக்கை அங்கேதான் இருக்கிறது.

விலையைப் பன்னிரண்டு பேரை வைத்துக் கணக்கிடுவது பலரும் செய்யும் தவறு. எங்கள் செலவைப் பாருங்கள். ஆசிரியைக்கு இரண்டு நாள் ஊதியம் ரூ.8,000, உதவியாளருக்கு ரூ.3,000, பயணமும் தங்குதலும் ரூ.3,500, கூட வாடகை ரூ.4,000, கற்பிப்பவர்களும் நடத்துபவர்களுமான நால்வருக்குச் சாப்பாடும் தேநீரும் ரூ.1,200, அச்சுச் செலவு ரூ.700. ஆக, எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு ரூ.20,400. இதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஓலையும் கருவியும் ரூ.250, சாப்பாடு ரூ.300 என்று ரூ.550 சேர்கிறது. பன்னிரண்டு பேர் வந்தால் ஒருவருக்கு ரூ.2,250 விழும், பத்துப் பேர் மட்டும் வந்தால் ரூ.2,590 விழும். நான் விலையை ரூ.2,600 என்று வைத்தேன். பத்துப் பேரில் கைக்காசு போகாது, பன்னிரண்டு பேரானால் ரூ.4,200 மிஞ்சும், அது நடத்துபவரின் உழைப்புக்கு. எட்டுப் பேர் என்றால் ரூ.4,000 நட்டம். ஆகவே ‘குறைந்தது பத்துப் பேர் சேர்ந்தால்தான் பட்டறை நடக்கும்’ என்பதை மறைக்காமல் அறிவிப்பிலேயே எழுதுகிறேன்.

முந்திப் பதிவு செய்பவர்களுக்குத் தள்ளுபடி தரும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பத்து இடத்தில்தான் கணக்கு நேராகிறது என்னும்போது, முதல் ஐந்து பேருக்கு ரூ.300 குறைத்தால் அந்த ரூ.1,500 நேராக நட்டத்தில் போய் நிற்கும். அதற்குப் பதிலாக, முந்திப் பதிவு செய்பவர்கள் ஆகஸ்ட் 1 வரை காரணம் சொல்லாமலே விலகி முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று உறுதி தருகிறேன். தயங்குபவரை அது தள்ளுபடியைவிட நன்றாக நகர்த்துகிறது.

அறிவிப்பு

மேலே முடிவு செய்தவற்றைச் சுருக்கினால் அறிவிப்பு இப்படி வரும்:

> பனையோலைக் கொட்டான் பின்னுவோம்
> 2026 ஆகஸ்ட் 8 சனி, 9 ஞாயிறு, காலை 10 – மாலை 4.30
> மயிலாப்பூர், திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம்
>
> இரண்டு நாளின் முடிவில் ஐந்து அங்குலச் சதுர அடியுள்ள ஒரு கொட்டானை நீங்களே பின்னி எடுத்துச் செல்வீர்கள். முன் அனுபவம் தேவையில்லை. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இரண்டு நாளும் வர வேண்டும்.
>
> மொத்தம் 12 இடங்கள். மூலை மடக்கக் கற்கும்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆசிரியை உட்கார வேண்டும் என்பதால் இதற்கு மேல் சேர்ப்பதில்லை. பத்துப் பேர் சேராவிட்டால் ஆகஸ்ட் 3 அன்று சொல்லிவிட்டு முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம்.
>
> கட்டணம் ரூ.2,600. ஓலை, கருவிகள், இரண்டு நாள் மதிய உணவு, தேநீர் அடங்கும். சாயமேற்றிய ஓலை தரப்படும், சாயமேற்றுதல் கற்பிக்கப்படாது.
>
> பதிவு முடியும் நாள்: ஆகஸ்ட் 2 ஞாயிறு இரவு 9 மணி. மறுநாள் காலை ஓலைக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

இதில் எந்த வரிக்கும் ‘ஏன்’ என்று கேட்டால் பதில் உள்ளேயே இருக்கிறது. இடம் ஏன் பன்னிரண்டு, பதிவு ஏன் ஆகஸ்ட் 2இல் முடிகிறது என்று காரணம் சொன்னால், பதிவு முடிந்த பிறகு ‘இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியாதா’ என்று வற்புறுத்துபவர்கள் வெகுவாகக் குறைகிறார்கள்.

படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியை முப்பது ஆண்டுப் பழக்கத்தில் பின்னிய மூன்று வண்ணக் கொட்டானைப் படமெடுத்துப் போடாதீர்கள். முந்தைய பட்டறையில் ஒரு புதியவர் பின்னியதை, அவர் சம்மதத்தோடு, ஓர் உள்ளங்கையில் வைத்துப் படமெடுங்கள். சற்றே கோணலான வாய் தெரியட்டும். அளவும் தெரியும், இரண்டு நாளில் எது சாத்தியம் என்பதும் தெரியும். வாட்ஸ்அப்பில் படம் கைமாறும்போது அதற்குக் கீழே எழுதிய வாசகம் பல நேரம் கூடவே போவதில்லை என்பதால், தேதி, கிழமை, இடம், கட்டணம், தொடர்பு எண் ஆகிய ஐந்தும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பதிவுப் படிகள்

பதிவு முறை நான்கு படிகளைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு படியிலும் இடம் உறுதியாகிவிட்டதா இல்லையா என்பது சொல்லப்பட வேண்டும். நான் எழுதுவது இது:

1. கூகுள் படிவத்தை நிரப்புங்கள். இதனால் இடம் உறுதியாகாது. 24 மணி நேரம் உங்களுக்காக நிறுத்தி வைக்கப்படும்.
2. யுபிஐ வழியே ரூ.2,600 செலுத்துங்கள்.
3. பணம் செலுத்தியதும் வரும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்.
4. அன்றிரவு 9 மணிக்குள் ‘உங்கள் இடம் எண் 7’ என்பது போல ஒரு செய்தி வரும். அது வந்தால்தான் இடம் உங்களுடையது.

படிவத்தில் பெயரும் எண்ணும் தவிர மூன்று கேள்விகள் போதும். தரையில் உட்கார முடியுமா, இடக்கைப் பழக்கம் உள்ளவரா, உணவில் எதைத் தவிர்க்க வேண்டும். முதல் கேள்வி முழங்கால் வலி உள்ளவர்களுக்காக. முன்பே தெரிந்தால் தாழ்ந்த மேசையும் நாற்காலியும் வாங்கி வைக்கலாம். இடக்கைக்காரருக்குப் பின்னல் கண்ணாடியில் பார்ப்பது போல மாறி வரும் என்பதால், ஆசிரியை அவரைத் தமக்கு எதிரே உட்கார வைப்பார்.

தொகையைத் தவறாக அடிப்பதைத் தடுக்க, தொகை ஏற்கெனவே நிரப்பப்பட்ட கியூஆர் குறியீட்டைத் தயாரித்துக்கொள்ளலாம். கீழே உள்ள வரியில் `pa` என்பதற்குப் பின் உங்கள் யுபிஐ முகவரியையும் `pn` என்பதற்குப் பின் பெயரையும் மாற்றி, கியூஆர் உருவாக்கும் எந்தச் செயலியிலும் எழுத்தாக ஒட்டினால் போதும்:

```
upi://pay?pa=yourid@bank&pn=Olai%20Pattarai&am=2600&cu=INR&tn=Kottan%20Aug8
```

வரியில் இடைவெளி வரக் கூடாது என்பதால்தான் `%20` இருக்கிறது. உருவாக்கியதும் வேறொருவர் கைபேசியில் வருடிப் பார்த்து, உங்கள் பெயரும் 2,600 என்ற தொகையும் வருகின்றனவா என்று சோதியுங்கள். தொலைபேசியில் சேமித்த கியூஆர் படத்திலிருந்து பணம் செலுத்துவதைச் சில செயலிகள் பெரிய தொகைக்கு ஏற்பதில்லை. ஆகவே யுபிஐ முகவரியையும் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள்.

பணம் வந்ததா என்பதைக் கைபேசித் திரையைப் பிடித்து அனுப்பும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று நிற்கும் பரிவர்த்தனையின் படத்தையும் நல்லெண்ணத்தோடே அனுப்புகிறார்கள். வங்கிக் கணக்கைத் திறந்து அந்த 12 இலக்க எண் அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகே இட எண்ணை அனுப்ப வேண்டும். படிவம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தானாக மூடுவதை நம்பியும் இருக்க முடியாது. பணம் கட்டாமல் நிரப்பியவர்களையும் அது சேர்த்தே எண்ணும்.

எனது இரண்டாவது பட்டறையில் பன்னிரண்டு இடத்துக்குப் பதின்மூன்று பேர் வந்து நின்றார்கள். தொலைபேசியில் பேசிய ஒருவருக்கு என் அக்கா வாய்வார்த்தையாக இடம் சொல்லியிருந்தார், பணமும் அவரிடமே வந்திருந்தது. என் ஏட்டில் அது ஏறவில்லை. திருப்பி அனுப்ப மனம் வராமல் உட்கார வைத்தோம். ஞாயிறு மதியம் மூன்று பேரின் மூலைகள் உப்பிக்கொண்டு நின்றன, அவர்களில் இருவர் பாதியில் முடிந்த கொட்டானோடுதான் போனார்கள். அன்றிலிருந்து இடத்தைக் கொடுப்பவர் ஒரே ஆள், எழுதுவது ஒரே ஏடு. பெயர், படிவ நேரம், பணம் வந்த நேரம், பரிவர்த்தனை எண், இட எண் என்று ஐந்து பத்திகள். யார் அழைத்தாலும் அக்கா இப்போது சொல்வது, ‘படிவத்தை நிரப்புங்கள், ராத்திரிக்குள்ளே நம்பர் வந்துடும்’ என்பது மட்டுமே.

பன்னிரண்டு நிரம்பிய பிறகு வருபவர்களிடம் பணம் வாங்காமல் காத்திருப்போர் வரிசையில் எழுதுங்கள். ஆகஸ்ட் 1க்குப் பிறகு ஒருவர் விலகினால், வரிசையில் முதலில் உள்ளவரை அழைத்து மூன்று மணி நேர அவகாசம் தருகிறேன். அவர் எடுத்துக்கொண்டால் விலகியவருக்கு முழுப் பணமும் போய்விடும். யாரும் எடுக்காவிட்டால், விலகியவர் தம் இடத்துக்கு வேறொருவரை அனுப்பலாம், பணம் திரும்பாது. இந்த விதியைப் படிவத்தின் தொடக்கத்திலேயே எழுதி, படித்ததாகக் குறியிடச் சொல்லுங்கள்.

யாருக்கு, எப்போது சொல்வது

சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் ரூ.2,600 கொடுப்பது எளிது, இருபதாம் தேதிக்கு மேல் கடினம். ஆகவே முதல் அறிவிப்பை ஜூலை 3 வெள்ளி மாலை அனுப்புகிறேன். முதலில் முன்பு வந்தவர்களுக்கும் கடந்த முறை வரிசையில் காத்திருந்தவர்களுக்கும். இரண்டு நாள் கழித்து அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுக்களுக்கும், அக்கம்பக்கத்து நூலகம், இயற்கை அங்காடி ஆகியவற்றின் பலகைகளுக்கும். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்புவது உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். பட்டறை முடியும் ஞாயிறன்றே எல்லோரிடமும் எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் இருக்கும் வாரங்களில் அதே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், ஏட்டில் உள்ள எண்ணையே சொல்கிறேன்: ‘12 இடங்களில் 7 நிரம்பின, பத்து ஆனால் பட்டறை உறுதி.’ இந்த எண் ஒருபோதும் பொய்யாக இருக்கக் கூடாது. ஒரே குடியிருப்பில் இருவர் ஒப்பிட்டுப் பேசினாலே வெளிப்பட்டுவிடும். கடைசிச் சுற்று ஜூலை 31 வெள்ளியன்று, அடுத்த சம்பளத்தோடு.

ஆகஸ்ட் 2 இரவு பத்துக்குக் குறைவாக இருந்தால், சொன்னபடி மறுநாள் காலை எல்லோருக்கும் தனித்தனியாக எழுதி, அன்று மாலைக்குள் பணத்தை அனுப்பிவிட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ இருந்தால் ஓலைக்குச் சொல்லி, ஆகஸ்ட் 6 வியாழன் மாலை கடைசிச் செய்தி அனுப்புங்கள். கூடத்தின் வரைபட இணைப்பு, மாடிப்படி எந்தப் பக்கம் என்பது, வண்டி நிறுத்த இடமில்லை என்பது, கொண்டுவர வேண்டிய சிறு துண்டு, 9.45க்கே வந்துவிட வேண்டும் என்பது. ஞாயிறன்று ஒரு துணிப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்று பின்னிய கொட்டானில் ஈரம் இருக்கும், பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போனால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.